காபிப் பழம் எண்ணும் மாடல்: படங்களை எதை வைத்துப் பிரிப்பது?

ஏற்காட்டில் காபிப் பறிப்பு நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை இழுக்கும். அரபிகாச் செடியில் ஒரே கிளையிலேயே பச்சைக் காயும், நிறம் மாறத் தொடங்கிய செங்காயும், பழுத்த பழமும் சேர்ந்து நிற்கும். கோடை மழை விட்டுவிட்டுப் பெய்யும்போது பூவும் தவணை தவணையாகப் பூப்பதால் வரும் நிலை இது. எந்த பிளாக்கில் எப்போது ஆள் இறக்குவது என்பதைத் தோட்டக்காரர் இன்று கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். சீக்கிரம் இறக்கினால் பச்சைக் காய் கலந்து காபியின் ருசி கெடும். தாமதமானால் பழம் உதிரும்.

செல்போனில் செடியைச் சுற்றி வீடியோ எடுத்தால், அதில் பழம் எத்தனை, செங்காய் எத்தனை, காய் எத்தனை என்று பெட்டி போட்டு எண்ணித் தரும் டிடெக்டர் ஒன்று இந்த வேலைக்கு உதவும். மாடல் ஆயத்தமாகவே கிடைக்கிறது. யோலோ வகையில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சேர்வராயன் மலைக் காபிச் செடியின் படத்தொகுப்பைத்தான் நாமே சேகரித்து, நாமே லேபிள் போட வேண்டும். அப்படிச் சேர்த்த படங்களில் எவை பயிற்சிக்கு, எவை சோதனைக்கு என்று பிரிக்கும் இடத்தில்தான் பெரும்பாலான திட்டங்கள் வழுக்குகின்றன. பிரிப்பதற்கு நான்கு வழிகள் உண்டு: படம் படமாகக் குலுக்கிப் போடுவது, செடி வாரியாக, காலவாரியாக, தோட்டவாரியாக. என்னுடைய தேர்வு தோட்டவாரி. ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தாது. யாருக்கு எது என்பதைக் கணக்கோடு பார்த்துவிடலாம்.

கணக்குக்கு ஒரு திட்டம்

ஒரு திட்டத்தை மனதில் வைத்துக்கொள்வோம். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் பக்கம் 5 தோட்டங்கள். தோட்டத்துக்கு 4 பிளாக், பிளாக்குக்கு 6 செடி. ஆக 120 செடிகள். ஒவ்வொரு செடியையும் பறிப்புப் பருவத்தில் 3 சுற்று, சுற்றுக்கு ஒரு 20 விநாடி வீடியோ எடுக்கிறோம். மொத்தம் 360 வீடியோ. விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு வீடியோவில் 600 ஃபிரேம் இருக்கும். அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஒன்றையொன்று உரித்து வைத்தாற்போல இருப்பதால் 5 விநாடிக்கு ஒன்றாக 4 ஃபிரேம் மட்டும் எடுக்கிறோம். இப்போது கையில் 1,440 படங்கள். படத்துக்குச் சராசரியாக 60 காய், பழம் தெரிந்தால் 86,400 பெட்டிகள்.

எண்ணிக்கை பெரிதாகத் தெரிகிறது. எண்பத்தாறாயிரம் பெட்டி என்று சொன்னால் கேட்பவருக்கும் நம்பிக்கை வரும். அந்த நம்பிக்கையில்தான் ஆபத்து இருக்கிறது. அந்தப் பெட்டிகள் எல்லாம் 120 செடிகளிலிருந்து வந்தவை. அந்தச் செடிகளோ 5 இடங்களில்தான் நிற்கின்றன. மண், நிழல் மரம், செடியின் ரகம், கவாத்து செய்யும் முறை, எடுத்தவரின் போன் எல்லாம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும்; தோட்டத்துக்குள் பெரிதாக மாறாது. “புதுத் தோட்டத்தில் இது வேலை செய்யுமா?” என்ற கேள்விக்கு நம்மிடம் இருக்கும் சாட்சிகள் ஐந்துதான்.

குலுக்கிப் போடுவது

பெரும்பாலோர் முதலில் செய்வது இதைத்தான். 1,440 படங்களையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, கலைத்து, 80 சதவீதம் பயிற்சிக்கு, 20 சதவீதம் சோதனைக்கு. ஒரே வரியில் முடிகிறது, வகைகளின் விகிதமும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுகிறது. எண்ணும் மிக அழகாக வருகிறது.

ஏன் அழகாக வருகிறது என்று பாருங்கள். சோதனைக்குப் போன ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே வீடியோவிலிருந்து வந்த மற்ற 3 படங்களும் சோதனைப் பக்கமே விழுவதற்கான வாய்ப்பு 0.2 × 0.2 × 0.2, அதாவது 0.008. சோதனையில் உள்ள 288 படங்களில் இரண்டோ மூன்றோ மட்டுமே அப்படித் தப்பும். மீதி அனைத்துக்கும் அதே வீடியோவின் இன்னொரு ஃபிரேம் பயிற்சியில் இருக்கிறது. அதே கிளை, அதே வெயில், அதே பழக்கொத்து, ஐந்து விநாடி தள்ளி. செடி அளவில் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு செடிக்கு 12 படங்கள் இருப்பதால், சோதனைப் படத்தின் செடியைப் பயிற்சியில் மாடல் பார்க்காமல் இருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். வினாத்தாளை முந்தின நாளே கொடுத்துவிட்டுத் தேர்வு வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

இந்தக் கசிவு கவனமான ஆய்வாளர்களின் தொகுப்புகளிலும் நடந்திருக்கிறது. உலகமெங்கும் அளவுகோலாகப் பயன்பட்ட சிஃபார்-10 தொகுப்பின் சோதனைப் படங்களில் 3.3 சதவீதத்துக்கும், சிஃபார்-100இல் 10 சதவீதத்துக்கும் பயிற்சிப் பக்கத்தில் நகலோ, ஏறக்குறைய நகலோ இருப்பதை 2020இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அங்கே பிரச்சினை பத்தில் ஒரு பங்கு. வீடியோ ஃபிரேம்களைக் குலுக்கினால் நம் தொகுப்பில் அது நூற்றுக்கு தொண்ணூற்றொன்பது.

குலுக்கல் எங்குமே ஆகாது என்று சொல்லவில்லை. ஒவ்வொரு படமும் தனித்தனிச் செடியிலிருந்து வந்து, மாடலும் அதே தோட்டத்தில், அதே பருவத்தில், அதே போனோடு வேலை செய்யப்போகிறது என்றால் குலுக்கல் சரியான விடையையே தரும். காபித் தோட்டத்துக்கு வீடியோ எடுக்கிறவர்களுக்கு அந்த நிலை வாய்ப்பதில்லை.

செடி வாரியாகப் பிரிப்பது

ஒரு செடியின் 12 படங்களும் ஒரே பக்கம் போக வேண்டும் என்பது இதன் விதி. 120 செடிகளில் 96 பயிற்சிக்கு, 24 சோதனைக்கு. நகல் கசிவு இத்தோடு நிற்கும். தாவர நோய்ப் படங்களுக்குப் பெயர்பெற்ற பிளான்ட்வில்லேஜ் தொகுப்பை வைத்து 2016இல் வந்த ஆய்வு இந்தக் கவனத்தை எடுத்திருந்தது. அந்தத் தொகுப்பின் 54,306 படங்களில் ஒரே இலையைப் பல கோணத்தில் எடுத்தவை நிறைய. எது எந்த இலை என்ற குறிப்பு 41,112 படங்களுக்குக் கிடைத்ததால், ஒரே இலையின் படங்கள் இரண்டு பக்கமும் சிதறாமல் பார்த்துக்கொண்டார்கள்.

அவ்வளவு செய்தும் என்ன ஆயிற்று? உள் சோதனையில் 99.35 சதவீதம் காட்டிய மாடல், வேறு சூழலில் எடுத்த படங்களில் 31 சதவீதத்துக்குச் சற்று மேலே வந்து நின்றது. இலையைப் பிரித்தார்கள், படமெடுத்த சூழல் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. பின்னர் 2022இல் இன்னொருவர் அதே தொகுப்பின் படப் பின்னணியிலிருந்து 8 பிக்சல்களை மட்டும் எடுத்து, இலையையே காட்டாமல், 38 வகைகளில் 49 சதவீதம் சரியாகச் சொல்ல வைத்தார். ஒவ்வொரு நோயின் படங்களும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுக்கப்பட்டிருந்தால் பின்னணியே விடையைச் சொல்லிவிடும். சாய்வும் கசிவும் கைகோத்து வேலை செய்யும் இடம் இதுதான். சேகரிப்பில் புகுந்த சாய்வு இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் சோதனை அதைக் காட்டிக்கொடுப்பதில்லை.

நம் மலைக்கு இதைக் கொண்டுவந்து பாருங்கள். பழம் அதிகமாகத் தெரிகிற சுற்றுகளை ஒருவர் காலைப் பனிமூட்டத்திலும், காய் அதிகமாக இருக்கிற சுற்றுகளை மதிய வெயிலிலும் எடுத்துவிட்டார் என்று வையுங்கள். வெண்மை படிந்த படம் என்றாலே பழம் என்று மாடல் கற்றுக்கொள்ள வழி பிறந்துவிட்டது. செடி வாரியாகப் பிரித்தாலும் சோதனைச் செடிகளிலும் அதே பனி, அதே வெயில்தான். ஆகவே செடி வாரிப் பிரிப்பைக் குறைந்தபட்ச ஒழுக்கமாகவே நான் மதிக்கிறேன். வெளியே சொல்லும் எண்ணுக்கு அது போதாது.

காலவாரியாகவா, தோட்டவாரியாகவா?

உண்மையான தேர்வு இந்த இரண்டுக்கும் இடையில்தான். இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எது கசிவு என்பது மாடல் எங்கே வேலை செய்யப்போகிறது என்பதைப் பொறுத்தது.

ஒரு தோட்டக்காரர் தன் சொந்தத் தோட்டத்துக்கு மட்டும் இதைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டும் அதே செடிகள்தான் நிற்கும், அதே சில்வர் ஓக் நிழல்தான் விழும். பயிற்சியில் பார்த்த செடியே சோதனையிலும் வருவது அவருக்குக் கசிவே இல்லை. அவருடைய பயன்பாடே அதுதான். அவர் கேட்க வேண்டிய கேள்வி, இந்த ஆண்டு கற்றது அடுத்த ஆண்டு செல்லுமா என்பது. எனவே முன்னால் எடுத்தவை பயிற்சிக்கு, பின்னால் எடுத்தவை சோதனைக்கு. திசை முக்கியம். ஜனவரியில் எடுத்ததைக் கற்றுக்கொடுத்து நவம்பரைச் சோதிப்பது வருங்காலத்தைக் காட்டிவிட்டு இறந்தகாலத்தைக் கேட்பதாகும்.

ஒரே பருவத்துக்குள் காலவாரியாகப் பிரிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் சுற்றில் காய்தான் அதிகம். பறிப்பு நடந்த பிறகு எடுக்கும் சுற்றில் சிவந்தவை ஏற்கெனவே கூடைக்குப் போயிருக்கும். சுற்று மாறும்போது வகைகளின் விகிதமும் கூடவே மாறுவதால், எண் குறைந்தால் காலத்தால் குறைந்ததா, விகிதத்தால் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்று வகைக்கும் தனித்தனியாக எண் எடுத்துப் பார்த்தால் ஓரளவு விளங்கும். அதோடு, அறுவடைக்குப் பிறகு கவாத்து நடக்கும், மழைக்கு முன்னால் நிழல் மரத்தின் கிளைகளைக் கழிப்பார்கள். அடுத்த பருவத்தின் வெளிச்சம் இந்தப் பருவத்தின் வெளிச்சமாக இருக்காது. ஆகவே காலவாரிச் சோதனைக்கு முழு மதிப்பு கிடைக்க இரண்டாவது பருவம் கையில் இருக்க வேண்டும்.

ஆனால் மாடலைப் பல தோட்டங்களுக்குக் கொடுக்கப்போகிறோம் என்றால் கேள்வியே மாறிவிடுகிறது. பார்த்தே இராத தோட்டத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் அறிய வேண்டியது. அதற்கு ஒரு முழுத் தோட்டத்தையே ஒதுக்கிச் சோதிப்பதைத் தவிர வேறு நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. 5 தோட்டங்களில் ஒன்றை ஒதுக்கி நான்கில் பயிற்சி. அடுத்து இன்னொன்றை ஒதுக்கி மறுபடி பயிற்சி. இப்படி ஐந்து முறை. நேரமும் ஜிபியு வாடகையும் ஐந்து மடங்காகும். கைமாறாகக் கிடைப்பது ஒன்றுக்குப் பதில் ஐந்து எண்கள்.

முழு மதிப்பெண் 1 என்றால் அந்த ஐந்தும் 0.81, 0.78, 0.84, 0.80, 0.58 என்று வந்தன என்று வைத்துக்கொள்வோம். சராசரி 0.76. சராசரியை மட்டும் எழுதினால் அந்த 0.58 மறைந்துபோகும். நான் முதலில் போய் நிற்பது அந்த 0.58 வந்த தோட்டத்தில். அங்கே சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக் கொடி ஏறியிருந்தால் காரணம் கிட்டத்தட்ட கண்முன்னாலேயே இருக்கும். மிளகுச் சரம் பச்சையாக இருக்கும்போது தூரத்துக் காபிக் காய்போலத் தெரியும், பழுத்தால் சிவக்கும். மற்ற நான்கு தோட்டத்திலும் மிளகு இல்லையென்றால் “சிவப்பு உருண்டை எல்லாம் காபிப் பழம் அல்ல” என்று மாடலுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மிளகு மட்டும் தெரிகிற, காபியே இல்லாத படங்களையும், புதரில் உண்ணிச்செடிக் காய்க்கொத்து தெரிகிற படங்களையும் பெட்டி எதுவும் போடாமல் பயிற்சியில் சேர்ப்பதுதான் மருந்து. குலுக்கிப் போட்டிருந்தால் அந்தத் தோட்டத்து மிளகும் இரண்டு பக்கமும் கலந்து, இந்தக் குறை இருப்பதே தெரிந்திருக்காது.

தோட்டவாரிக்கும் எல்லை உண்டு. ஐந்து சாட்சிகளை வைத்துக்கொண்டு ஆறாவது தோட்டத்தைப் பற்றி உறுதியாகப் பேச முடியாது, 0.58 முதல் 0.84 வரை எங்கே வேண்டுமானாலும், ஏன் அதற்கு வெளியேயும்கூட, விழலாம் என்பதுதான் சொல்லக்கூடியது. அதனால் பணமும் ஆளும் கொஞ்சம் மிச்சமிருந்தால் ஒரே தோட்டத்தில் இன்னும் ஐம்பது செடி எடுப்பதைவிட, ஆறாவது ஏழாவது தோட்டத்தில் பத்துப் பத்துச் செடி எடுப்பது மேல் என்பேன்.

இந்தப் பிரிப்பைக் கையால் செய்ய வேண்டாம். ஒவ்வொரு படத்தின் பெயரிலும் தோட்டம், பிளாக், செடி, சுற்று, ஃபிரேம் எண் இருக்கட்டும், `NGL2_B3_P05_R2_f300.jpg` போல. மிச்சத்தைச் சில வரிகள் பார்த்துக்கொள்ளும்:

```python
import numpy as np
from sklearn.model_selection import LeaveOneGroupOut

files = np.array(files)
estate = np.array([f.split("_")[0] for f in files])
plant = np.array(["_".join(f.split("_")[:3]) for f in files])

for tr, te in LeaveOneGroupOut().split(files, groups=estate):
    assert not set(plant[tr]) & set(plant[te])
```

கடைசி வரி தேவையில்லாததுபோலத் தோன்றும். தோட்டம் தனியாகப் போனால் செடியும் தனியாகத்தானே போகும்? விதிப்படி ஆம். ஆனால் நாளை யாராவது `groups` என்ற இடத்தில் வேறு எதையாவது மாற்றிப் போட்டால் அந்த வரி நிறுத்திக் கேட்கும். பயிற்சி நான்கு தோட்டத்துக்குள், இடையிடையே மாடலைச் சரிபார்க்கும் வேலிடேஷனுக்குப் படம் ஒதுக்கும்போதும் இதே ஒழுக்கம் வேண்டும். அங்கே பிளாக்கை அலகாக வைக்கலாம். பயிற்சிப் படங்கள் முழுவதையும் எத்தனை முறை, அதாவது எத்தனை எப்பாக், ஓட்டுவது, எந்த நம்பகத்தன்மை அளவுக்குக் கீழே உள்ள பெட்டிகளைத் தள்ளுவது என்ற முடிவுகளெல்லாம் வேலிடேஷனில் எடுக்கப்பட வேண்டியவை. சோதனைத் தோட்டத்தைப் பார்த்துப் பார்த்து அந்த அளவைத் திருகினால் அதுவும் கசிவுதான்.

பெயர் போனால் எல்லாம் போயிற்று

தோட்டத்திலிருந்து வீடியோ வருவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில். அங்கேதான் அடையாளம் தொலைகிறது. அனுப்பும்போது வீடியோ மறுபடி சுருக்கப்படுகிறது, எடுத்த நேரமும் போன் விவரமும் அழிந்துபோகின்றன, பெயர் `VID-20240112-WA0003.mp4` என்று மாறிவிடுகிறது. அந்தத் தேதி எடுத்த தேதியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டு பேர் ஒரே கோப்பை ஃபார்வேர்டு செய்தால் அது இரண்டு பெயரில் வந்து உட்காரும். போனிலிருந்து நேரடியாகக் கேபிளிலோ மெமரி கார்டிலோ எடுப்பதே நல்லது. முடியாவிட்டால் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லலாம். ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும் செடி எண் எழுதிய அட்டையை இரண்டு விநாடி காட்டச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். அட்டை தெரிகிற ஃபிரேமைப் பயிற்சிக்கு எடுக்கக்கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எந்தச் செடியை எடுப்பது என்பதையும் எடுப்பவர் விருப்பத்துக்கு விடாதீர்கள். விட்டால் பாதையோரத்தில் வெளிச்சமாக நிற்கும், பழம் குலுங்கும் செடிகளே வரும். சரிவின் உள்ளே நிழலில் நிற்கும் செடி வரவே வராது. வரிசை எண், செடி எண் இரண்டையும் முன்கூட்டியே சீட்டு எடுத்துக் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில் செடி பட்டுப்போயிருந்தால் அடுத்தது எது என்பதையும் சேர்த்தே எழுதிக்கொடுங்கள்.

பெயர் தொலைந்த பழைய படங்கள் கையில் இருந்தால் பெர்செப்சுவல் ஹேஷ் ஓரளவு கைகொடுக்கும். படத்தை 64 பிட்டாகச் சுருக்கி, எத்தனை பிட் வேறுபடுகிறது என்று ஒப்பிடும் முறை அது. ஃபார்வேர்டு நகல்களை நன்றாகப் பிடிக்கும். அதே செடியை மறுபக்கத்திலிருந்து எடுத்த படத்தை அதனால் பிடிக்க முடியாது. ஆகவே நகல் இல்லை என்று ஹேஷ் சொன்னதாலேயே கசிவு இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு கசிவு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். 1920 பிக்சல் அகலமுள்ள ஃபிரேமில் ஒரு பழம் 24 பிக்சல் இருக்கிறது என்றால், 640க்குச் சுருக்கும்போது அது 8 பிக்சலாகிவிடும்; மாடலுக்கு அது ஒரு புள்ளி. அதனால் படத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பார்கள். ஓரத்தில் பழம் அறுபடாமல் இருக்கத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி வெட்டுவதும் வழக்கம். வெட்டிய பிறகு பிரித்தால் அந்தப் படிகிற பகுதி இரண்டு பக்கமும் போய்ச் சேரும். படத்தைத் திருப்புவது, நிறம் மாற்றுவது போன்ற பெருக்கல் வேலைகளுக்கும் இதேதான் விதி. முதலில் பிரிப்பு, அப்புறம்தான் வெட்டுவதும் பெருக்குவதும்.

லேபிளை யார் போடுவது?

பிரிப்பை லேபிளுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சோதனைப் படங்களுக்கும் பயிற்சிப் படங்களுக்கும் லேபிள் போடும் முறை ஒன்றாக இருக்கக்கூடாது.

பெட்டிக்கு 5 விநாடி என்று வைத்தாலும், 60 பெட்டி உள்ள படத்துக்கு 5 நிமிடம். 1,440 படத்துக்கு 120 மணி நேரம். இதைக் குறைக்க, முதலில் சில நூறு படங்களில் பழக்கிய ஒரு மாடலை வைத்து மிச்சப் படங்களில் பெட்டி போட வைத்து, ஆட்கள் திருத்துவது உண்டு. பயிற்சிப் படங்களுக்கு அது நல்ல வழி. சோதனைப் படங்களுக்கு வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே பெட்டி போட்ட படத்தைப் பார்க்கும்போது, தவறாகப் போட்டதை நம் கண் பிடித்துவிடும். போடாமல் விட்டதைப் பிடிக்காது. இலைக்குப் பின்னால் பாதி தெரிகிற காயை மாடல் விட்டிருந்தால் திருத்துபவரும் விட்டுவிடுவார். பிறகு அதே குடும்பத்து மாடலைச் சோதிக்கும்போது அது விட்ட காயெல்லாம் “இல்லாத காய்” ஆகி, மதிப்பெண் உயர்ந்துவிடும். சோதனைப் படங்கள் வெறும் படத்திலிருந்து, இரண்டு பேரால் தனித்தனியாக லேபிள் போடப்பட வேண்டும்.

அந்த இரண்டு பேர் யார்? சேலத்தில் கணினி வேலை செய்யும் இளைஞர்களுக்குப் பெட்டி இறுக்கமாகப் போட வரும், வேகமும் வரும். ஆனால் செங்காய் எது, பழம் எது என்ற எல்லையில் அவர்கள் தடுமாறுவார்கள். பல வருஷம் பழம் பறித்த பெண்மணி ஒருவரிடம் திரையைக் காட்டியபோது, அவர் ஒரு கொத்தைச் சுட்டி, “இதெல்லாம் எடுக்கலாம் தம்பி. இது மட்டும் இன்னும் நாலு நாள் போகட்டும்” என்றார். எனக்கு இரண்டும் ஒரே சிவப்பு. எப்படிக்கா தெரியுது என்று கேட்டதற்கு, மேசையில் இருந்த கூடையிலிருந்து இரண்டு பழம் எடுத்து விரலால் அழுத்திக் காட்டினார். ஒன்றிலிருந்து கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மற்றது தோலோடு கெட்டியாக நின்றது. காம்புப் பக்கம் பச்சை வளையம் மிச்சமிருந்தால் அது இன்னும் ஆகவில்லை என்பது அவர் கணக்கு.

அந்தப் பச்சை வளையம் எங்கள் லேபிள் விதியாயிற்று. காம்புப் பக்கம் பச்சை தெரிந்தால் செங்காய். காம்புப் பக்கமே படத்தில் தெரியவில்லை என்றால் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்மானித்து, “நிச்சயமில்லை” என்ற குறியையும் சேர்ப்பது. பெட்டியை நகரத்து இளைஞர் போடட்டும், வகையைப் பறிப்பவர் சொல்லட்டும் என்று வேலையைப் பிரிப்பதே நான் பார்த்தவரை சரியான வழி. பறிப்பவருக்குக் கூலி நாள்கூலியாகவே இருக்கட்டும். பெட்டிக்கு இவ்வளவு என்று வைத்தால் சந்தேகமான காய்களைத் தாண்டிப் போகத்தான் மனம் வரும்.

மறைந்த காய்க்கும் ஒரு விதி எழுதி வைக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்காவது தெரிந்தால் பெட்டி, தெரிகிற பகுதிக்கு மட்டும். மறைந்த பாதியை ஊகித்து ஒருவரும், தெரிவதை மட்டும் ஒருவரும் போட்டால் பெட்டிகள் பொருந்தாது. சின்னப் பொருளில் இது எவ்வளவு தொல்லை என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 24 பிக்சல் பெட்டி ஒன்று, சரியான இடத்திலிருந்து 3 பிக்சல் பக்கவாட்டிலும் 3 பிக்சல் கீழேயும் நகர்ந்திருக்கிறது. இரண்டு பெட்டிக்கும் பொதுவான பரப்பு 21 × 21 = 441. இரண்டும் சேர்ந்து மூடும் பரப்பு 576 + 576 − 441 = 711. பொருத்தம் 441 ÷ 711 = 0.62. கண்ணுக்குச் சரியாகத் தெரிகிற பெட்டியே 0.62தான். டிடெக்டர்களை மதிப்பிடப் பரவலாகப் பயன்படும் கோகோ முறையில், பெட்டியைச் சரி என்று ஏற்கும் பொருத்த எல்லையை 0.50 முதல் 0.95 வரை 0.05 படியாக ஏற்றி, பத்து எல்லைகளின் சராசரியை எடுப்பார்கள். இந்தப் பெட்டி அதில் 0.50, 0.55, 0.60 என்ற மூன்று எல்லைகளில் மட்டுமே தேறும். நம் வேலை எண்ணுவது; ஆகவே 0.50 எல்லையில் கிடைக்கும் எண்ணை முதன்மையாக வைத்து, கூடவே செடிக்குச் செடி பழ விகிதம் எவ்வளவு பிசகுகிறது என்பதையும் தருவதே தோட்டக்காரருக்குப் புரியும்.

இரண்டு பேர் தனித்தனியாகப் போட்ட சோதனை லேபிள்களை ஒன்றோடொன்று அதே 0.50 எல்லையில் பொருத்திப் பாருங்கள். செங்காய், பழம் என்பதில் அவர்களே எத்தனை இடத்தில் ஒத்துப்போகிறார்களோ, அதற்கு மேல் மாடலிடம் எதிர்பார்க்க முடியாது. வேறுபட்ட இடங்களைப் பறிப்பவரை வைத்துத் தீர்த்து ஒரே லேபிளாக்கிப் பூட்டிவிடலாம். தீர்ப்பதற்கு முன்னால் இருந்த இரண்டு பதிப்புகளையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேறுபாட்டின் அளவு பின்னால் தேவைப்படும்.

கசிவு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மிக எளிய வழி, ஒரே மாடலைக் குலுக்கிய பிரிப்பிலும் தோட்டவாரிப் பிரிப்பிலும் ஓட்டிப் பார்ப்பது. இரண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளியில், நகலால் வந்த வீக்கமும் தோட்டம் மாறியதால் வந்த உண்மையான சிரமமும் கலந்திருக்கும். செடி வாரிப் பிரிப்பையும் நடுவில் ஓட்டினால் பிரித்து அறியலாம். குலுக்கலிலிருந்து செடி வாரிக்கு வரும்போது விழுவது நகலின் பங்கு. செடி வாரியிலிருந்து தோட்டவாரிக்கு விழுவது பெரும்பாலும் சூழலின் பங்கு. முதலாவது பெரிதாக இருந்தால் பிரிப்பைத் திருத்துங்கள். இரண்டாவது பெரிதாக இருந்தால் பிரிப்பில் திருத்த எதுவுமில்லை. புதிய தோட்டங்களுக்குப் போய்ப் படமெடுக்க வேண்டும்.

நான் இப்போது யாராவது கேட்டால் சொல்வது இது. சொந்தத் தோட்டத்துக்கு மட்டும் என்றால் செடி வாரியில் தொடங்கி, இரண்டாவது பருவத்தின் படங்களை அப்படியே சோதனைக்கு ஒதுக்குங்கள். பல தோட்டத்துக்கு என்றால் தோட்டவாரியாக ஐந்து முறை ஓட்டி, ஐந்து எண்களையும், எந்த எண் எந்த மாதிரித் தோட்டத்தில் வந்தது என்ற குறிப்போடு, அப்படியே கொடுங்கள். ஐந்து முறை ஓட்டிப் பார்த்துத் திருத்தத் திருத்த அந்த ஐந்து தோட்டங்களும் நமக்குப் பழகிவிடும். அதனால் முடிந்தால் ஆறாவதாக ஒரு தோட்டத்தை முதலிலிருந்தே தொடாமல் வைத்திருங்கள். உயரத்திலும் நிழலிலும் மற்ற ஐந்திலிருந்து வேறுபட்டதாக, முடிந்தவரை மிளகும் உள்ளதாக. அதன் படங்களை எடுத்து, லேபிள் போட்டு, மாடல் யாருக்காவது கைமாறும் அன்று ஒரே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அதில் வந்த எண் பிடிக்கவில்லை என்று மாடலைத் திருத்தினால் அந்தத் தோட்டம் அன்றே பயிற்சிப் பக்கம் போய்விட்டது. அடுத்த பதிப்புக்கு வேறொரு தோட்டம் தேட வேண்டும்.